தோற்காத நாயகன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோற்கவே தோற்காத நாயகனை ஒரு கதையில் கொண்டாடுகிறோம். இன்னொரு கதையில் பத்துப் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுகிறோம். வித்தியாசம் எங்கே இருக்கிறது?

வாசகருக்கு எந்த ஐயத்தை மிச்சம் வைத்தோம் என்பதில்தான் இருக்கிறது. கதை படிக்கும் எவரும் மனத்துக்குள் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் பக்கத்தைப் புரட்டுகிறார்கள். ‘இவன் பிழைப்பானா, ஜெயிப்பானா’ என்பது அப்படிப்பட்ட கேள்விகளுள் ஒன்று. எழுதத் தொடங்குபவர்கள் எல்லோரும் முதலில் கைவைப்பது அதில்தான் என்பதால், கதைக்கு அதைத் தவிர வேறு கேள்வியே கிடையாது என்று தோன்றிவிடுகிறது. நாயகனை யாராலும் வெல்ல முடியாது என்று முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்துபோகிறது. அதன் இடத்தில் வேறொரு கேள்வி வைக்கப்பட்டிருந்தால் வாசகர் உடன் வருகிறார். முடிந்துபோன கேள்வியையே ஒவ்வொரு அத்தியாயத்திலும் தூக்கி நிறுத்தினால், அவர் சத்தமில்லாமல் எழுந்து போய்விடுகிறார்.

மஞ்சக்குப்பத்தில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில், இளைஞர்கள் எழுதிக்கொண்டுவரும் தொடர்கதைகளைப் படித்துக் கருத்துச் சொல்வது என் பொறுப்பு. அங்கே திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்டவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகளைக் கூடியவரை எங்கள் கடலூரை ஒட்டியே எடுத்திருப்பதற்குக் காரணம் ஊர்ப்பாசம் மட்டும் அன்று. இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த கதை இந்தக் கரையில் நடந்ததாகத்தான் சொல்லப்படுகிறது.

‘ஓவர் பவர்’ என்று எதைச் சொல்வது? பலசாலி எல்லாருமே அதில் சேர்த்தியா?

இல்லை. பலத்தை எப்போதும் அந்தக் கதையில் எதிரே வரும் தடையோடு வைத்துத்தான் அளக்க வேண்டும். ஆழ்கடலில் நீந்தத் தெரிந்தவனைக் கெடிலத்தின் முழங்கால் தண்ணீரைக் கடக்கச் சொன்னால் அவனும் ‘ஓவர் பவர்’தான். அதே ஆள் ஐப்பசி அடைமழையில் படகு கவிழ்ந்து கிடந்தால் சாதாரண மனிதன். ஆகவே நாயகனின் திறமைகளைப் பட்டியல் போட்டுப் பார்த்துப் பயனில்லை. கதை அவனிடம் எதைக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும்.

அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டாலும் மிதந்து வருகிறார். நீற்றறையில் போட்டாலும் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கதை மட்டும் ஏன் அலுக்கவில்லை?

திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. சித்திரையில் அப்பர் கரையேறிய விழா நடக்கும் ஊர் இது. கதையின் முடிவு எல்லாருக்கும் தெரியும். கேட்பவர் கூட்டம் குறைந்ததில்லை.

சேக்கிழார் பெரியபுராணத்தில் இதைச் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். அரசன் ஆணையால் திருநாவுக்கரசர் ஏழு நாள் நீற்றறையில் அடைக்கப்படுகிறார், பிறகு நஞ்சு கலந்த பாற்சோறு, பிறகு மதயானை, கடைசியில் கல்லோடு பிணைத்துக் கடல். நான்கிலும் அவர் மேல் ஒரு கீறலும் இல்லை. நீற்றறையைத் திறந்து பார்த்தபோது அவர் இனிதே இருக்கிறார். அந்த வெப்பத்துக்குள் இருந்து அவர் பாடியதாகச் சொல்லப்படும் பாட்டு வீணையையும் மாலை நிலவையும் தென்றலையும் பேசுகிறது. இந்தக் காலத்துத் தொடர்கதை வாசகர் பார்வையில் இதைவிட ‘ஓவர் பவர்’ நாயகன் இருக்க முடியாது.

ஆனால் இந்த நான்கும் வருவதற்கு முன்னால் சேக்கிழார் நம்மை எதைக் கடக்க வைத்திருக்கிறார்? பெற்றோரை இழந்த இரண்டு பிள்ளைகள். அக்காள் திலகவதிக்கு மணம் பேசிய கலிப்பகையார் போரில் இறந்துவிடுகிறார். உயிரை விடத் துணிந்தவள், தம்பி தனித்துப் போவானே என்று உயிரைத் தாங்கிக்கொள்கிறாள். அந்தத் தம்பிதான் பிற்பாடு அவளை விட்டுவிட்டு வேறு சமயத்துக்குப் போய், தருமசேனர் என்று பெயரும் புகழும் பெற்று வாழ்கிறார். அப்படி இருக்கும்போது சூலை நோய் வருகிறது. வயிற்றுக்குள் புரட்டும் அந்த வலியை அவர் கற்ற மந்திரமும் தீர்க்கவில்லை, உடனிருந்தவர்களும் தீர்க்கவில்லை. அக்காளுக்கு ஆள் அனுப்புகிறார். அவள் அங்கே வர மறுக்கிறாள். இரவோடு இரவாக, யாருக்கும் தெரியாமல், திருவதிகைக்கு நடந்து வந்து அவள் காலில் விழுகிறார். பண்ருட்டிக்குப் போகும் வழியில் அந்த ஊரை நாம் எத்தனையோ முறை கடந்திருக்கிறோம்.

அவர் தோற்ற இடம் அந்த இரவுதான். உடம்பு, கல்வி, பெயர், பெருமை ஆகிய நான்கையும் அங்கே இழந்துவிட்டார். கேட்பவர்கள் அவருக்காக அங்கேயே அஞ்சி, அங்கேயே அழுதும் முடித்துவிடுகிறார்கள். அதன் பிறகு நீற்றறையில் அவர் வேகவில்லை என்றால் நமக்கு அது சலுகையாகப் படுவதில்லை. விலை முன்கூட்டியே, நம் கண்முன்னாலேயே கொடுக்கப்பட்டுவிட்டது. இன்னொரு நுட்பமும் இருக்கிறது. தருமசேனராக அவர் வாழ்ந்த பாடலிபுத்திரம் இன்றைய திருப்பாதிரிப்புலியூரே என்பது எங்கள் ஊர் வழக்கு. அப்படியானால், வலியோடு ஒளிந்து வெளியேறிய ஊரின் கரையிலேயே அவர் கல்லைத் தெப்பமாகக் கொண்டு வந்து இறங்குகிறார். கல் மிதந்தது என்பதைவிட, எங்கே மிதந்து வந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அது பக்திக் கதை, நம்பிக்கையோடு கேட்கிறார்கள். அந்த வசதி சாதாரணத் தொடர்கதை எழுதுகிறவருக்கு இல்லையே?

நியாயமான மறுப்பு. நம்பிக்கை உள்ளவர் கேட்பதற்கும் மற்றவர் படிப்பதற்கும் வேறுபாடு உண்டு; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம்பிக்கையை மட்டும் நம்பிச் சேக்கிழார் எழுதவில்லை என்பதற்குக் கதையின் பிற்பகுதியே சான்று.

முதிர்ந்த வயதில் அப்பர் கயிலையைக் காணப் புறப்படுகிறார். இந்தப் பயணத்தில் அவர் பாதம் தேய்கிறது. பாதம் போனபின் கையால் ஊன்றித் தவழ்கிறார், கையும் தேய்கிறது. மார்பால் உந்துகிறார். அதுவும் சிதைந்தபின் புரண்டு புரண்டு போகிறார். நெருப்பு தொடாத உடம்பை வழி தின்றுவிடுகிறது. முனிவர் வடிவில் வந்து ‘திரும்பிப் போ’ என்று இறைவனே சொன்னபோதும், கயிலையில் நாயகன் இருக்கையைக் கண்டால் அல்லாமல் மாளும் இந்த உடலோடு மீளேன் என்று மறுக்கிறார். கடைசியில் அவர் கயிலைக்குப் போய்ச் சேரவும் இல்லை. ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்கிறார்கள், திருவையாற்றில் எழுகிறார், காட்சி அங்கேதான் கிடைக்கிறது.

இந்த இரண்டு பகுதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சேக்கிழாரின் கணக்கு புரியும். பிறர் அப்பருக்குச் செய்வது எதுவும் அவரைத் தொடுவதில்லை. அவராக ஒன்றை விரும்பிப் புறப்படும்போது உடம்பு முழுவதும் செலவாகிறது. எதிரிக்கு முன்னால் வெல்லப்பட முடியாதவர், தன் ஆசைக்கு முன்னால் எல்லாரையும் போலக் காயப்படுகிறவர். இது பக்திக்கு மட்டும் உரிய ஏற்பாடு என்று நான் நினைக்கவில்லை. துறைமுகத்தை வைத்து எழுதும் கதையிலும் கையாளக்கூடிய ஏற்பாடுதான்.

திருமறைக்காட்டுக் கதவையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். பூட்டிக் கிடந்த கோயில் கதவு திறக்க அப்பர் பாடுகிறார். பாட்டுக்குப் பாட்டு காத்திருந்து, பதிகத்தின் கடைசிப் பாட்டில்தான் கதவு திறக்கிறது. மூடுவதற்குச் சம்பந்தர் பாடுகிறார். முதல் பாட்டிலேயே மூடிக்கொள்கிறது. அப்பர் வருந்துகிறார். அவ்வளவு ஆற்றல் உடையவர், தன்னைவிட மிக இளைய ஒருவரின் பக்கத்தில் நின்று ‘எனக்கு ஏன் இவ்வளவு நேரம்’ என்று வருந்தும் அந்த இடத்தில், கேட்பவர் அவருக்கு இன்னும் நெருக்கமாகிறார்.

சண்டைக் காட்சியை எவ்வளவு நீளமாக எழுத வேண்டும்?

முடிவு தெரிந்த சண்டை என்றால், சுருக்க முடிந்த அளவுக்குச் சுருக்குங்கள். அதைச் சுற்றியிருப்பதை விரியுங்கள்.

கம்பர் வில் முறித்த இடத்தை எழுதிய விதம் நமக்குப் பள்ளியிலிருந்தே மனப்பாடம்: ‘எடுத்தது கண்டனர் இற்றது கேட்டார்.’ இராமன் காலில் வைத்ததையும் நாண் ஏற்றியதையும் வேகத்தால் யாரும் பார்க்கவில்லை. எடுத்ததைப் பார்த்தார்கள், முறிந்த ஓசையைக் கேட்டார்கள். அவ்வளவுதான் காட்சி. ஆனால் அந்த வில்லை அவைக்குத் தூக்கி வருவதற்கு அறுபதினாயிரம் பேர் வேண்டியிருக்கிறது. அதைப் பார்த்து ஊரார் பேசும் பேச்சும், மகளுக்கு இப்படி ஒரு தடையை வைத்துவிட்டோமே என்ற சனகனின் வருத்தமும் விரிவாக வருகின்றன. வில்லின் கனத்தை இராமனின் தோளில் காட்டாமல் மற்றவர்களின் நெஞ்சில் காட்டியிருக்கிறார். இராமன் ஒரு துளி வியர்வைகூடச் சிந்த வேண்டியிருக்கவில்லை.

இதைவிட நுட்பமான ஒன்றை முறிந்தபிறகு செய்கிறார். செய்தி சீதைக்கு நீலமாலை என்ற தோழி வழியாகப் போகிறது. வில் முறிந்தது என்றதும் அவள் துயரம் தீர வேண்டும். ஆனால் அவள் ஏற்கெனவே மாடத்திலிருந்து ஒருவனைப் பார்த்துவிட்டாள். முறித்தவன் அவன்தானா என்பது அவளுக்குத் தெரியாது. தோழி சொல்லும் அடையாளங்களை வைத்து அவனாகத்தான் இருக்கும் என்று தேறுகிறாள். இல்லையென்றால் உயிர் விடுவேன் என்றும் உள்ளுக்குள் முடிவு செய்துகொள்கிறாள். ‘முறிப்பானா’ என்ற கேள்வி ஓர் அடியில் முடிந்த உடனே ‘முறித்தவன் எவன்’ என்ற கேள்வி அவள் மனத்தில் உயிர் பெற்றுவிடுகிறது. நாயகனின் வெற்றியே இன்னொருத்தியின் பதற்றமாக மாறும் இந்த இடத்தை, வெல்ல முடியாத நாயகனைப் பற்றி எழுதும் ஒவ்வொருவரும் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும்.

நாயகனுக்கு ஒரு பலவீனத்தைச் சேர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

பெரும்பாலும் தீராது. சூப்பர்மேன் 1938இல் வெளிவந்தபோது அவனைப் பலமிழக்கச் செய்யும் கிரிப்டோனைட் கல் கிடையாது. அது 1943இல் வானொலித் தொடரில்தான் வந்தது. அப்படி ஒரு கல் வந்தபின் எழுதுபவருக்கு ஒரு வசதி கிடைத்தது உண்மைதான். கூடவே ஒரு சங்கடமும் வந்தது: வில்லன் அந்தக் கல்லை எப்படியாவது கையில் வைத்திருந்தாக வேண்டும். வெளியிலிருந்து ஒட்டவைத்த பலவீனம் ஒரு சுவிட்ச் போன்றது. அணைத்தால் நாயகன் சாதாரண ஆள், போட்டால் பழைய ஆள். இரண்டு நிலையிலும் அவன் என்ன முடிவெடுப்பான் என்ற கேள்வி எழுவதே இல்லை.

பலவீனம் அவன் விருப்பத்திலிருந்து வந்தால் மட்டுமே கதைக்குப் பயன்படும். அதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. அந்தப் பலவீனத்தை எடுத்து இன்னொரு கதையின் நாயகனுக்கு மாட்டிப் பாருங்கள். அங்கேயும் அப்படியே பொருந்தினால் அது உங்கள் நாயகனுடையது அன்று.

ஒரே குத்தில் எல்லாரையும் வீழ்த்துகிற ஜப்பானியக் கதையை என் தம்பி விடாமல் படிக்கிறான். அதில் அப்படி என்னதான் இருக்கிறது?

‘ஒன் பஞ்ச் மேன்’ கதையைச் சொல்கிறீர்கள். 2009இல் இணையத்தில் படக்கதையாகத் தொடங்கியது. தம்பியைக் கடிந்துகொள்ள வேண்டாம். நன்றாக யோசித்துச் செய்யப்பட்ட கதை. நாயகன் குத்தினால் முடிந்தது என்பதை அது மறைக்கவே இல்லை. அதனால் அவன் பெரும்பாலும் தாமதமாகத்தான் வருகிறான். அதுவரை அவனைவிடப் பலம் குறைந்தவர்கள் உயிரைக் கொடுத்துப் போராடுகிறார்கள். நாம் அஞ்சுவது அவர்களுக்காக. அவனுக்கோ சண்டையில் இருந்த மகிழ்ச்சியே போய்விட்டது, ஊர் அவனை நம்புவதும் இல்லை. நகரத்தின் மேல் விழவந்த விண்கல்லை அவன் உடைக்கிறான். சிதறிய துண்டுகள் வீடுகளை நொறுக்கியதற்காக மக்கள் அவனையே ஏசுகிறார்கள். குத்து வேலை செய்கிறது. அவனுக்கு வேண்டியது மட்டும் குத்தினால் கிடைப்பதாக இல்லை.

என் கதையில் இதை எப்படிச் சரிசெய்வது? ஒரு கதையை எடுத்து வைத்துக் காட்ட முடியுமா?

முதுநகரைச் சேர்ந்த ஒரு தம்பியின் தொடர்கதையை அவர் அனுமதியோடு எடுத்துக்கொள்கிறேன். துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலை செய்பவர். இரவில் செல்பேசியிலேயே எழுதுகிறார். நாயகன் முத்து, விசைப்படகில் வேலை. மனிதருக்கு மீறிய பலம் அவனுக்கு எப்படியோ வந்துவிட்டது. ஏலக்கூடத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் பாக்கியம் என்ற அம்மாளைக் கந்துவட்டிக்காரரின் ஆட்கள் மிரட்டுகிறார்கள். முத்து அடிக்கிறான்.

ஏழாம் அத்தியாயத்தில் நான்கு பேர் வந்தார்கள். எட்டாம் அத்தியாயத்தில் எட்டுப் பேர். பதினோராம் அத்தியாயத்தில் பதினைந்து பேர் இரும்புக் கம்பியோடு. ஒவ்வொரு சண்டையும் இரண்டு பக்கம். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பஞ்ச் வசனம். படித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். அவர் என்னிடம் வந்தபோது நான் முதலில் செய்தது, எட்டாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டுப் படித்துப் பார்க்கச் சொன்னதுதான். கதையில் எதுவுமே குறையவில்லை. ஆட்களின் எண்ணிக்கை மட்டும் கூடுகிறது, கேள்வி மாறவில்லை என்பதற்கு அதுதான் அறிகுறி.

அவர் தாமாகச் செய்த முதல் திருத்தம் முத்துவின் கையை உடைத்துப் பலத்தைப் பறித்தது. மிச்சம் இருந்த வாசகர்களும் கோபித்துக்கொண்டார்கள். அவர்கள் கோபம் சரியானது. பலசாலியின் கதை என்று சொல்லி அழைத்து உட்கார வைத்துவிட்டுப் பாதியில் பலத்தைப் பிடுங்குவது, கொடுத்த வாக்கை மீறுவது. பலத்தை முழுதாக அப்படியே வைத்துக்கொண்டு திருத்துவோம் என்று முடிவு செய்தோம்.

பிறகு நான் கேட்டது ஒன்றே ஒன்று: முத்துவுக்கு என்ன வேண்டும்? அவர் நெடுநேரம் யோசித்தார். பாக்கியம் அம்மா முன்போல ஏலக்கூடத்துக்கு வந்து சத்தம் போட்டு விலை கேட்க வேண்டும், அதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். அவருடைய சொந்த அம்மாவைத்தான் அவர் எழுதிக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கதை எங்கே இருக்கிறது என்பது அந்தப் பதிலில் இருந்தது. ஏழாம் அத்தியாயத்தின் இரண்டு பக்கச் சண்டை இப்படி ஆனது:

*பாக்கியம் அன்னக்கூடையைத் தலையிலிருந்து இறக்கக் குனிந்தாள். நிமிர்வதற்குள் நான்கு பேரும் ஈரத் தரையில் கிடந்தார்கள். விலை கூவிக்கொண்டிருந்த ஏலக்காரர் வாயை மூடிக்கொண்டார். சற்றுப் பொறுத்து மறுபடியும் சங்கராவுக்கு விலை வைத்தபோது, பாக்கியம் கேட்ட விலை அவர் காதில் விழவில்லை. அவள் இரண்டாம் முறை கேட்டாள். பக்கத்திலிருந்த பெண்கள் நகர்ந்து நின்றார்கள்.*

முத்துவின் பலம் இதில் ஒரு துளியும் குறையவில்லை, பார்க்கப்போனால் கூடியிருக்கிறது. ஆனால் அந்த அடியின் விளைவு அவனுக்கு வராமல் பாக்கியத்துக்குப் போகிறது. கந்துவட்டிக்காரரின் ஆட்கள் அதற்குப்பின் முத்துவின் பக்கமே வருவதில்லை. அவளுக்கு மீன் கொடுப்பவர்களை மட்டும் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார்கள். அன்னக்கூடை மூன்று நாள் காலியாக வீட்டுக்குத் திரும்புகிறது. விலையைக் குத்த முடியாது. பயந்தவர்களை அடித்துப் பயம் தெளிவிக்கவும் முடியாது.

இதிலும் அவர் ஒருமுறை வழுக்கினார். அடுத்த அத்தியாயத்தில் முத்து ஏலக்காரரின் சட்டையைப் பிடித்துத் தூக்குகிறான், அவர் நடுங்கிப்போய்ப் பாக்கியத்துக்கு மீன் தருகிறார் என்று எழுதிக்கொண்டு வந்தார். புதிய கேள்வியையும் பழைய குத்தாலேயே முடித்துவிட்டார். அதை நாங்கள் எடுக்கவில்லை, ஒரு வரியை மட்டும் சேர்த்தோம்: அப்படிக் கிடைத்த மீனைப் பாக்கியம் வாங்காமல் தரையில் வைத்துவிட்டுப் போகிறாள். அவர் இப்போது எழுதிக்கொண்டிருப்பது அதற்கு அடுத்த அத்தியாயம்.

‘மேரி சூ’ என்று ஒரு சொல்லைப் பெண் கதாபாத்திரங்கள் மேல் எறிகிறார்களே, அது சரிதானா?

பவுலா ஸ்மித் என்பவர் 1973இல் ஸ்டார் டிரெக் என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் எழுதிய கதைகளைப் பகடி செய்து ஒரு சிறு கதை எழுதினார். அதில் வரும் பதினைந்தரை வயதுப் பெண் அதிகாரியின் பெயர் மேரி சூ. எல்லாம் தெரிந்தவள், எல்லாரும் அவளைப் போற்றுகிறார்கள். அந்தப் பகடி குறிவைத்தது திறமையை அன்று. சுற்றியிருப்பவர்கள் காரணமே இல்லாமல் போற்றுவதைத்தான். இந்தப் பகுதி இன்றைக்கும் பயனுள்ள அளவுகோல். உங்கள் நாயகனோ நாயகியோ அறைக்குள் வந்ததும் மற்றவர்கள் தங்கள் சொந்த வேலையை மறந்து அவரைப் பார்க்கத் தொடங்கினால் அங்கே கோளாறு இருக்கிறது.

ஆனால் அந்தச் சொல் கைக்குக் கை மாறி, திறமையான பெண் யாரைக் கண்டாலும் வீசும் கல்லாகிவிட்டது. பயிற்சியே காட்டாமல் பத்துப் பேரை அடிக்கும் ஆணை ‘மாஸ்’ என்று விசிலடித்து ஏற்கும் அதே வாசகர், வாள் பிடித்த பெண்ணிடம் ‘இதை எப்போது கற்றாள்’ என்று கேட்கிறார். எங்கள் வட்டத்திலேயே இது நடந்திருக்கிறது. கேள்வியில் தவறில்லை, இருவரிடமும் கேட்க வேண்டும் என்பதே என் நிலை.

கஷ்டமே படாத நாயகன்தான் எனக்கு வேண்டும். நாள் முழுக்க வேலையில் நொந்துபோய் வந்து படிக்கிறேன். அது தவறா?

தவறே இல்லை. மாலையில் புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு நின்றுகொண்டே வரும் பேருந்தில் செல்பேசியில் தொடர் படிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குப் போவதற்குள் ஒருவனாவது தங்குதடையில்லாமல் ஜெயிக்கட்டும் என்று நினைப்பது மனித இயல்பு. அப்படிப்பட்ட கதைக்கும் ஒரு நாணயம் உண்டு. அது இரண்டு இடத்தில் தெரியும். முதல் இரண்டு அத்தியாயங்களுக்குள்ளேயே ‘இவன் தோற்கமாட்டான், நிம்மதியாக உட்காருங்கள்’ என்று சொல்லிவிட வேண்டும். அடுத்து, வெற்றியின் சுவையை ஒவ்வொரு முறையும் வேறாக வைக்க வேண்டும்: ஒருமுறை அவமதித்தவர் முகம் மாறுவது, ஒருமுறை யாருக்கும் தெரியாமல் உதவிவிட்டு நகர்வது. இப்படி ஒளிவுமறைவில்லாமல் எழுதப்பட்ட கதையை நான் குறை சொல்வதில்லை. ஆபத்து இருப்பதுபோல நடித்து, ஒவ்வொரு அத்தியாயத்தையும் ‘அவன் உயிர் தப்புவானா?’ என்று தொங்கவிட்டு முடிக்கும் கதையைத்தான் சொல்வேன்.

என் கதையில் வாசகர் எந்த இடத்தில் விலகுகிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

படிப்பவர் எண்ணிக்கையைப் பார்த்துப் பயனில்லை. அது விலகிய பிறகு தெரிவது. காரணம் இரண்டு மூன்று அத்தியாயங்களுக்கு முன்பே நடந்திருக்கும்.

நாங்கள் செய்வது இது. கதையை முன்பே படிக்காத ஒருவரை உட்கார வைத்து வாய்விட்டுப் படிக்கிறோம். இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ‘இப்போது யாருக்காகப் பயப்படுகிறீர்கள்?’ என்று கேட்கிறோம். பதிலை ஓரத்தில் எழுதிக்கொள்கிறோம். நாயகன் பெயரே வர வேண்டும் என்பதில்லை. வராமல் இருப்பதே பல நேரம் நல்லது. ஏதோ ஒரு பெயர் வர வேண்டும். முத்துவின் பழைய கதையை அப்படிப் படித்தபோது ஆறாம் அத்தியாயம் வரை ஓரத்தில் ‘பாக்கியம்’ என்று இருந்தது. ஏழாம் அத்தியாயத்தின் நடுவில், கேட்டுக்கொண்டிருந்த தங்கை சற்று யோசித்துவிட்டு, ‘யாருக்காகவும் இல்லை அக்கா’ என்றாள். அந்தப் பக்கத்தில்தான் பென்சிலால் கோடு போட்டோம்.